வாரம் 120 கிலோமீட்டர் குறைக்க ஒரு மெயில்

தம்பி, உன் லைனை யாரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டிருக்க மாட்டார்கள். முதலில் நாலு ஊர் இருந்திருக்கும். பிறகு ஒரு ஊரில் பத்துக் கடை சேர்ந்தபோது, அந்த வாரத்தில் எந்த நாள் லேசாக இருந்ததோ அந்த நாளில் அதை ஒட்டவைத்திருப்பார்கள். உனக்கு முன்னால் இருந்த ரெப் அப்படியே ஓட்டினார், அவரிடமிருந்து நீ வாங்கி ஓட்டுகிறாய். ஒரே சாலையில் இருக்கிற இரண்டு ஊருக்கு வாரத்தில் இரண்டு தனித்தனி நாளில் போய் வருகிறாய் என்பது வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. தாளில் எழுதினால்தான் தெரியும்.

அதை மாற்றச் சொல்லி மேனேஜருக்கு மெயில் போடுவது எப்படி என்று உன்னைப் போன்ற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். இந்த மாதிரி மெயில்களைப் படித்து 'சரி' என்றோ 'அப்புறம் பார்க்கலாம்' என்றோ பதில் போடுகிற பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். பாதி மெயில்கள் 'அப்புறம்' ஆனதற்குக் காரணம் யோசனை மோசம் என்பதில்லை. கிலோமீட்டர் குறைகிறது என்று படித்ததும் மேனேஜர் மனசில் எழுகிற முதல் கேள்வி, 'கடையும் குறையுமோ?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு முதல் இரண்டு வரியில் பதில் இல்லாவிட்டால் மிச்சத்தை அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஒரு லைனை எடுத்துப் போட்டுக் காட்டுகிறேன். மதுரையில் டிஸ்ட்ரிபியூட்டர், பிஸ்கட்டும் மசாலாவும் மாதிரிச் சரக்கு, பைக்கில் போகிற ரெப். காலையில் ஒரு இடம், மதியத்துக்கு மேல் ஒரு இடம். அரை நாளுக்குச் சுமார் 20 கடை. இப்போது ஓடுவது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்:

திங்கள்: திருமங்கலம், விருதுநகர். போய்வர 100 கி.மீ.
செவ்வாய்: மேலூர் முழு நாள். 60.
புதன்: காலை உசிலம்பட்டி, மதியம் மதுரை அண்ணா நகர். 80.
வியாழன்: சிவகங்கை முழு நாள். 95.
வெள்ளி: காலை அருப்புக்கோட்டை, மதியம் மதுரை கே.கே. நகர். 100.
சனி: காலை ஆண்டிபட்டி, மதியம் மதுரை செல்லூர். 120.

மொத்தம் 555. ஊருக்குள் கடை கடையாகச் சுற்றுவதை இதில் சேர்க்கவில்லை. பாதை எப்படி மாறினாலும் அது அவ்வளவேதான் இருக்கும். தூரங்களை முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறேன். நீ உன் மெயிலில் போடும்போது வண்டி மீட்டரைப் பார்த்துப் போடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு ரீடிங், ஊருக்குள் நுழையும்போதும் ஊரை விட்டுக் கிளம்பும்போதும் ஒவ்வொரு ரீடிங், திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது ஒரு ரீடிங், ஒரு வாரம் முழுக்க எழுதினால் போதும். கூகுள் மேப்பில் பார்த்த தூரத்தை மட்டும் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவழித் தூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, மேப்பில் நாலைந்து நிறுத்தம் சேர்த்தால் நீ கொடுத்த வரிசையிலேயே அது பாதை காட்டும். எந்த வரிசை குறைவு என்று அதுவே கண்டுபிடித்துத் தராது. வரிசையை நீதான் இழுத்து மாற்றிப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்தப் பட்டியலைப் பார். உசிலம்பட்டியும் ஆண்டிபட்டியும் ஒரே தேனி சாலை. ஆண்டிபட்டிக்குப் போகிறவன் உசிலம்பட்டியைத் தாண்டித்தான் போகிறான். ஆனால் ஒன்று புதன், ஒன்று சனி. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் 80 கிலோமீட்டர் அப்படியே மறைகிறது. இது எவருக்கும் கண்ணில் படுகிற சேமிப்பு.

அடுத்தது அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. மதுரையிலிருந்து விருதுநகர் 50, விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை 20, அங்கிருந்து காரியாபட்டி வழியாக மதுரை 50. போன வழியே திரும்பாமல் ஒரு வட்டமாக 120-இல் முடிகிறது. ஆனால் இதைச் செய்ய விருதுநகரோடு இருக்கிற திருமங்கலத்தைப் பிரிக்க வேண்டும். 'திருமங்கலம் போகிற வழியில்தானே இருக்கிறது, அதை ஏன் தனியாக எடுக்கிறாய்?' என்று எந்த மேனேஜரும் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கணக்கில் இருக்கிறது. முன்பு திங்கள் 100, வெள்ளி 100, ஆக 200. இப்போது விருதுநகர்–அருப்புக்கோட்டை வட்டம் 120, திருமங்கலம் தனியாகப் போய்வர 40, ஆக 160. பக்கத்து ஊருக்குத் தனியாகப் போகிற செலவு, தூரத்து ஊருக்குத் தனியாகப் போகிற செலவைவிடக் குறைவு. அருப்புக்கோட்டைக்கு ஒரு துணை கிடைப்பதற்காகத் திருமங்கலத்தைத் தனியாக விடுகிறோம். லைன் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இது. நன்றாக இருக்கிற ஜோடியைக் கலைக்க மனசு வராது.

இந்த இரண்டு மாற்றத்தையும் சேர்த்து, மெயிலை நான் இப்படி எழுதுவேன். உன் ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள் என்றால் அப்படியே எழுது. வரிசை மட்டும் இதுவாக இருக்கட்டும்.

*பொருள்: மதுரை லைன் – வாரம் 120 கி.மீ. குறைகிறது, கடைகள் குறையவில்லை*

*சார், வணக்கம்.*

*மதுரை லைனில் நான்கு இடங்களின் நாளை மட்டும் மாற்றினால் வார ஓட்டம் 555 கி.மீ.யிலிருந்து 435 ஆகிறது. எந்தக் கடையும் விடுபடாது. எல்லாக் கடைக்கும் வாரம் ஒரு முறை என்பதும் அப்படியே இருக்கும். அடுத்த மாத முதல் திங்களிலிருந்து நான்கு வாரம் ஓட்டிப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.*

*மாறுபவை: அருப்புக்கோட்டை வெள்ளியிலிருந்து திங்களுக்கு. திருமங்கலம் திங்களிலிருந்து வெள்ளிக்கு. ஆண்டிபட்டி சனியிலிருந்து புதனுக்கு. அண்ணா நகர் புதனிலிருந்து சனிக்கு. மற்ற இடங்களுக்கு நாள் மாறவில்லை.*

*புதிய வாரம்: திங்கள் விருதுநகர், அருப்புக்கோட்டை 120. செவ்வாய் மேலூர் 60. புதன் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி 120. வியாழன் சிவகங்கை 95. வெள்ளி திருமங்கலம், கே.கே. நகர் 40. சனி அண்ணா நகர், செல்லூர் – ஊருக்குள் மட்டும்.*

*திங்களும் புதனும் இப்போதைவிட நீண்ட நாள் ஆகும். காலை 8.30-க்குக் கிளம்பினால் முடியும் என்று கணக்கிட்டிருக்கிறேன். வெள்ளியும் சனியும் நேரம் மிஞ்சும். புதன் விடுபட்ட கடைகளுக்கும், மதுரைக்குள் புதுக் கடை திறக்கவும் அதைப் பயன்படுத்துகிறேன்.*

*டெலிவரி நாள் மாறுவது பற்றி டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசிவிட்டேன். செவ்வாயும் வியாழனும் வண்டியில் இரண்டு ஊர்ச் சரக்கு ஏறும். பண்டிகை மாதத்தில் மட்டும் இரண்டாவது நடை தேவைப்படலாம் என்கிறார்.*

*நான்கு வாரம் முடிந்ததும் ஓடிய கி.மீ., பில் விழுந்த கடைகள், ஊர்வாரி ஆர்டர் மூன்றையும் முந்தைய நான்கு வாரத்தோடு வைத்து அனுப்புகிறேன். நீங்கள் சரி என்றால் ஆப்பில் பீட் மாற்ற அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.*

*நன்றி.*

மெயில் இவ்வளவுதான். மாறுகிற நாலு இடத்தை முதலில் சொல்லி, முழு வாரத்தைப் பிறகு வைத்திருப்பதைக் கவனி. மேனேஜர் பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேட வேண்டியிருந்தால் தேட மாட்டார்.

நீண்ட நாள் பற்றிய வரியை எழுதத் தயங்குவாய். எழுது. வாரத்துக்கு 120 கிலோமீட்டர் குறைந்தாலும் ஒவ்வொரு நாளும் குறையவில்லை. திங்களுக்கு 20 கூடுகிறது, புதனுக்கு 40 கூடுகிறது. வெள்ளி 60 குறைகிறது, சனி 120 குறைகிறது. புதனை மட்டும் போட்டுப் பார். 120 கிலோமீட்டர் பைக்கில் மூன்று மணி நேரம். 40 கடை, கடைக்கு 8 நிமிடம் என்றாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாடு, கடைக்காரருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் இரவு ஏழு மணி ஆகும். இதை நீயே முதலில் சொல்லிவிட்டால் திட்டம் யோசித்துப் போட்டது என்று தெரியும். அவர் கண்டுபிடித்துக் கேட்டால் நீ மறைத்தது போல ஆகிவிடும்.

புதன் அன்று ஆண்டிபட்டியை முதலில் வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. தூரத்து ஊரை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் உசிலம்பட்டி. மழையோ பஞ்சரோ வந்து நாலு கடை விட்டுப்போனால், அவை 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும், 60-இல் இல்லை. வெள்ளி மிஞ்சுகிற நேரத்தில் போய் எடுத்துவிடலாம். ஆனால் சின்ன ஊர்களில் மதியம் இரண்டு முதல் நாலு வரை பல கடைகளில் முதலாளி இருக்க மாட்டார், பையன் மட்டும் இருப்பான். அவனிடம் ஆர்டர் வாங்க முடியாது, பணமும் வாங்க முடியாது. ஆகவே உசிலம்பட்டியில் எந்தக் கடைக்காரர் மதியம் கடையிலேயே இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் கடைகளை முதலில் வை. மற்றவர்களை நாலு மணிக்கு மேல் வை.

இப்போது டெலிவரி. மெயில் போடுவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நீ இன்று எடுக்கிற ஆர்டர் நாளைக்கு வண்டியில் ஏறும். உன் நாளை மாற்றினால் அவருடைய வண்டியின் நாளும் மாறுகிறது. இந்த லைனில் அவருக்கும் லாபம்தான். தேனி சாலையில் குட்டியானை இரண்டு முறை போன இடத்தில் இனி வியாழன் ஒரே முறை போகும். ஆனால் இரண்டு ஊர்ச் சரக்கும் ஒரே வண்டியில் ஏறுமா என்று பார். பிஸ்கட் பெட்டியெல்லாம் எடைக்கு முன்னால் இடத்தை நிரப்பிவிடும். கடந்த மாதத்தில் ஆண்டிபட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் அதிகமாகச் சரக்குப் போன வாரம் எது என்று பார்த்து, அந்த வாரத்துப் பெட்டிகளைக் கூட்டிப் பார். சராசரியைப் பார்க்காதே. சராசரி வாரத்தில் எல்லாம் ஏறும், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்தான் ஏறாது. அன்றைக்கு வண்டி இரண்டாம் நடை போனால் நீ மிச்சம் பிடித்த கிலோமீட்டர் அவர் கணக்கில் ஏறிவிடும். எல்லோர் வண்டியையும் சேர்த்துக் குறைந்தால்தான் அது குறைப்பு.

சந்தை நாளையும் கேட்டுக்கொள். சந்தை கூடுகிற அன்று மளிகைக் கடைக்காரருக்கு உன்னைப் பார்க்க நேரம் இருக்காது. அதே சமயம் அன்றைக்குக் கடையில் சரக்கு இருந்தாக வேண்டும். ஆர்டர் ஒரு நாள், டெலிவரி மறுநாள் என்றால் சந்தைக்கு இரண்டு நாள் முன்பாவது உன் விசிட் இருக்க வேண்டும். புதிய நாள் சந்தை நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ விழுந்தால், அந்த ஊரை மாற்றாதே. அதில் மிச்சமாகிற கிலோமீட்டர் போனால் போகட்டும்.

இந்த மாதிரி மாற்றங்கள் கெட்டுப்போகிற இடம் பாதையில் இல்லை, மாறுகிற அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது. இதைப் பற்றி எந்த ரெப்பும் மெயிலில் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் மாத விற்பனை இறங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

திருமங்கலத்தை எடுத்துக்கொள். திங்கள் போனாய். அடுத்த திங்கள் போக மாட்டாய், அந்த வெள்ளிதான் போவாய். நடுவில் 11 நாள். ஏழு நாளுக்குச் சரக்கு வைத்துப் பழகிய கடைக்காரரிடம் எட்டாம் நாள் தட்டு காலியாகும். அந்த இடத்தில் இன்னொரு கம்பெனிப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்ப உனக்கு ஒரு மாதம் ஆகும். அதனால் கடைசி திங்கள் போகும்போதே ஒன்றரை வார ஆர்டர் எடு. ஏன் என்று கடைக்காரரிடம் சொல்லி எடு. போகாத அந்தத் திங்களில் போன் போட்டு ஒரு முறை கேள். அண்ணா நகருக்கும் இதே வைத்தியம், அங்கே இடைவெளி 10 நாள்.

அருப்புக்கோட்டையில் நேர் எதிர். வெள்ளி ஆர்டர் எடுத்தாய், சனி சரக்கு இறங்கியது, திங்கள் மறுபடியும் போய் நிற்கிறாய். ஆர்டர் கிடைக்காது. பணமும் கேட்க முடியாது, பில் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அடுத்த திங்கள்தான் வசூல். ஏழு நாள் கடன் அந்த ஒரு முறை ஒன்பது நாள் ஆகிறது. இதை டிஸ்ட்ரிபியூட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் உன் புதிய லைன் ஆரம்பித்த வாரத்திலேயே நிலுவைப் பட்டியல் ஏறி, பழி பாதையின் மேல் விழும். ஆண்டிபட்டி சனியிலிருந்து புதனுக்கு நாலு நாளில் வருகிறது, அங்கேயும் முதல் புதன் ஆர்டர் பாதிதான் வரும். ஆகவே நாலு வாரச் சோதனையில் முதல் வாரத்தைத் தனியாகக் காட்டு. அதை மற்ற மூன்றோடு கலந்தால் கணக்கு உனக்கு எதிராகப் பேசும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் படி தருகிற கம்பெனி என்றால், 120 கிலோமீட்டர் குறைந்தால் வாரம் 480 ரூபாய் உன் கிளெய்மில் குறைகிறது. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் நீ பெட்ரோலில் மிச்சம் பிடிப்பது இரண்டே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டர் 100 ரூபாய் என்றால் சுமார் 270 ரூபாய். டயரும் சர்வீஸும் சேர்த்தாலும் கையில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதைத் தெரிந்துகொண்டே மெயில் போடு. படியை உயர்த்திக் கொடுங்கள் என்று இதே மெயிலில் கேட்காதே. கேட்டால் யோசனை முழுக்கப் பேரமாகத் தெரியும். வாரத்தில் மூன்று மணி நேரம் சாலையில் மிச்சமாகிறது, அதில் மதுரைக்குள் புதுக் கடை பிடித்தால் இன்சென்டிவ் வருகிறது என்பதுதான் உன் பக்கத்து லாபம். அது வருமா என்று நாலு வாரத்தில் உனக்கே தெரிந்துவிடும். காரில் போகிறவராக இருந்தால் கப்பலூர், எலியார்பத்தி சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் பழையதற்கும் புதியதற்கும் தனி வரியாகப் போட வேண்டும். பைக்குக்கு அந்தக் கவலை இல்லை.

சோதனை ஓடும்போது மொத்த விற்பனையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே. திங்கள் இரண்டாவதாகப் போகிற அருப்புக்கோட்டையையும், புதன் இரண்டாவதாகப் போகிற உசிலம்பட்டியையும் தனியாகப் பார். உசிலம்பட்டிக்கு நாள்கூட மாறவில்லை, காலையிலிருந்து மதியத்துக்குத்தான் போயிருக்கிறது. அங்கே ஆர்டர் இறங்கினால் நீ அவசரப்படுகிறாய் என்று அர்த்தம். ஆர்டர் ஆப்பில் ஒவ்வொரு பில்லுக்கும் நேரம் பதிவாகிறது. காலையில் கடைக்குக் கடை 9 நிமிட இடைவெளியும் சாயங்காலம் 4 நிமிடமும் இருந்தால், கடைக்குள் ஏறாமல் வண்டியில் இருந்தபடியே ஆர்டர் கேட்டிருக்கிறாய் என்பதை உன் மேனேஜரும் அதே திரையில் பார்ப்பார். அப்படி ஆனால் உசிலம்பட்டியில் ஐந்தாறு சின்னக் கடைகளை வெள்ளி போன் ஆர்டருக்கு மாற்றலாம். அதுவும் போதாது என்றால் ஆண்டிபட்டியைச் சனிக்கும் அண்ணா நகரைப் புதனுக்கும் திருப்பி வைத்து, விருதுநகர் வட்டத்தை மட்டும் வைத்துக்கொள். 40 கிலோமீட்டர் அப்போதும் மிச்சம்.

மெயில் போட்ட பிறகு ஆப் விஷயத்தை விட்டுவிடாதே. பல கம்பெனி ஆப்பில் அன்றைய பீட்டில் இருக்கிற கடைகள் மட்டும்தான் பட்டியலில் வரும். அலுவலகத்தில் பீட் மாற்றாமல் நீ திங்கள் அருப்புக்கோட்டை போய் நின்றால் அங்கே ஒரு கடைகூட ஆப்பில் இருக்காது. அதே நேரம் நீ போகாத திருமங்கலத்துக் கடைகள் அத்தனையும் விடுபட்டவை என்று சிவப்பில் நிற்கும். மேனேஜர் 'சரி' என்று பதில் போட்டதும், அந்தப் பதிலையே மேலே வைத்து, கடைப் பட்டியலை இணைத்து, பீட் மாற்றுகிறவருக்கு அனுப்பு. முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆப்பைத் திறந்து, திங்கள் பட்டியலில் அருப்புக்கோட்டை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். வரவில்லை என்றால் அன்றைக்கே போன் போடு. ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்க மாட்டார்கள்.